அறுபத்திரண்டாயிரம் ரூபாய் காரும் தொண்ணூற்று நான்காயிரம் ரூபாய் ஸ்கூட்டரும்

என் அண்ணன் மகளை வீட்டில் எல்லோரும் பெரியவள் என்றுதான் கூப்பிடுவோம். 2018 அக்டோபரில் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது. அந்த மாதமே தபால் நிலையத்தில் ஐந்து ஆண்டு தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கினாள். மாதம் 1,500 ரூபாய். அப்போது வட்டி 7.3 சதவீதம். ஐந்து ஆண்டில் அவள் கட்டியது 90,000. 2023 அக்டோபரில் முதிர்ந்து கைக்கு வந்தது ஒரு லட்சத்து எட்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. கொரோனா நேரத்தில் பாதிச் சம்பளம் வந்த மாதங்களிலும் கட்டினாள்.

இந்தப் பணத்தில் வண்டி வாங்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. டெல்லி மயூர் விஹார் மூன்றாம் ஃபேஸில் இருக்கிறார்கள். அங்கே மெட்ரோ நிலையம் கிடையாது. இ-ரிக்‌ஷா பிடித்து நியூ அசோக் நகர் போய், நீல வழி மெட்ரோவில் நொய்டா முழுக்கச் சுற்றி, அவள் வேலை பார்க்கும் செக்டார் 62 போக வேண்டும். நேர்ச்சாலையில் போனால் ஒன்பது கிலோமீட்டர்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்பதால் ஒரு வாரம் காலை ஆறரைக்கே இருக்க வேண்டும், அடுத்த வாரம் இரவு பத்துக்குத்தான் விடுவார்கள். பத்து மணிக்கு மேல் நியூ அசோக் நகரில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஸ்கூட்டர் என்றுதான் அவள் மனதில் இருந்தது. 110 சிசி வண்டி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து 94,200 ரூபாய் என்று கடையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் பார்த்து அண்ணனின் அலுவலக நண்பர் தன் காரை விற்கப் போவதாகச் சொன்னார். சிறிய ஐந்து கதவு பெட்ரோல் கார், ஒரே உரிமையாளர், கோடு இல்லாத பெயிண்ட். விலை 62,000.

அண்ணன் அன்று இரவே எனக்குப் போன் செய்தார். "ஸ்கூட்டரைவிட முப்பதாயிரம் கம்மி. மழையில நனைய வேண்டாம், குளிர்ல நடுங்க வேண்டாம். அவ அம்மாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம். நீயே அவகிட்ட சொல்லு" என்றார். நான் லட்சுமி நகரில் வாகனக் காப்பீட்டு முகவர் ஒருவரின் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வண்டி விஷயம் என்றால் வீட்டில் என்னைத்தான் கேட்பார்கள்.

அண்ணன் சொன்னதில் ஒன்றுகூடத் தவறில்லை. தலைக்கு மேல் கூரையும் சுற்றிலும் இரும்பும் இருக்கும் வண்டி ஸ்கூட்டரைவிடப் பாதுகாப்பானது. இதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் ஓடுகிற கார் ஒன்று டெல்லியில் ஏன் 62,000 ரூபாய்க்கு வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காரின் எண்ணை மட்டும் அனுப்பச் சொன்னேன்.

mParivahan செயலியில் எண்ணைப் போட்டதும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பதிவான நாள் 2010 மார்ச். புகை அளவுத் தரம் பாரத் ஸ்டேஜ் 3, அதாவது பிஎஸ்-3.

முதலில் பதிவு நாள். டெல்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்திலும் டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டு, பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு என்று பசுமைத் தீர்ப்பாயம் வைத்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. மற்ற ஊர்களில் பதினைந்து ஆண்டு ஆனால் தகுதிச் சோதனை செய்து, கட்டணம் கட்டி, ஆர்சியை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லியில் அந்த வழி இல்லை. நொய்டாவும் அதே வட்டாரத்தில்தான் வருகிறது, அதனால் உத்தரப் பிரதேசத்துக்கு மாற்றினாலும் பயனில்லை. 2010 மார்ச்சில் பதிவான கார் 2025 மார்ச் வரைதான். அன்றைக்குக் கணக்குப் போட்டால் மீதி இருந்தது பதினேழு மாதம். விற்பவருக்கும் இது தெரிந்திருக்கும். அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் பழைய காரின் விலையே மீதி மாதங்களை வைத்துத்தான் இறங்குகிறது.

அடுத்தது அந்த மூன்று. கார்களுக்கான பிஎஸ்-4 தரம் டெல்லியில் 2010 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. இந்த வண்டி ஒரு மாதம் முந்திப் பதிவாகிவிட்டது. சில மாடல்கள் தேதிக்கு முன்பே பிஎஸ்-4 ஆக வந்துவிட்டன, அதனால் மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, தரம் என்ன என்று தனியாகப் பார்க்க வேண்டும். பார்த்ததில் இது 3 தான். குளிர்காலத்தில் காற்று மோசமாகும்போது தலைநகர் வட்டாரத்தில் படிப்படியாகக் கட்டுப்பாடு கொண்டுவருவார்கள். அதில் மூன்றாம் படி வந்தால் பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் டெல்லி, குருகிராம், ஃபரீதாபாத், காஜியாபாத், நொய்டா இருக்கும் கௌதம புத்த நகர் மாவட்டம் ஆகிய இடங்களில் ஓடக் கூடாது. பிடித்தால் 20,000 ரூபாய் அபராதம். இரு சக்கர வண்டிகளுக்கு அந்தத் தடை இல்லை.

பெரியவளுக்கு இதைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான். "அத்தை, அப்படின்னா மூடுபனி இருக்கற மாசத்துலதான் கார் வேணும், அந்த மாசத்துலதான் ஓட்ட முடியாதா?" ஆமாம் என்றேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் கணக்குக் கேட்பார் என்று தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் திரிலோக்புரியில் எங்களுக்குத் தெரிந்த மிஸ்திரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு காரைப் பார்க்கப் போனோம்.

மிஸ்திரி பானெட்டைத் திறக்கும் முன் டயரைத்தான் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு முட்டைக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. அதில் 3115 என்று இருந்தது. 2015ஆம் ஆண்டின் முப்பத்தொன்றாவது வாரம் செய்த டயர். பட்டன் தேயவில்லை, பார்க்கப் புதிது போல இருந்தது, ஆனால் எட்டு வருட ரப்பர் ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு விட்டிருந்தது. நான்கும் மாற்ற வேண்டும். கிளட்ச் மிதி மிகவும் மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது, அதாவது தட்டு தேய்ந்துவிட்டது. பள்ளத்தில் இறக்கினால் முன் இடது பக்கம் டக்கென்று ஒரு சத்தம். இன்ஜின் நன்றாக இருந்தது, அதையும் அவர் சொன்னார். மொத்தத்தில் 17,000 ரூபாய் வேலை, இதைச் செய்யாமல் பெண் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் யாரும் இதே வழியில் போட்டுப் பார்க்கலாம்.

கார் 62,000, பழுது வேலை 17,000, ஆக 79,000. பதினேழு மாதம் கழித்துப் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் சுமார் 20,000 திரும்ப வரும் என்று வைத்தோம். இழப்பு 59,000. பதினேழால் வகுத்தால் மாதம் 3,470.

ஸ்கூட்டர் 94,200. ஆறு ஆண்டு ஓட்டி 30,000க்கு விற்பதாக வைத்தோம். இழப்பு 64,200. எழுபத்திரண்டு மாதத்தால் வகுத்தால் 890 ரூபாய். ஆறு ஆண்டுக்குப் பிறகும் அதற்கு ஒன்பது ஆண்டு பதிவு மிச்சம் இருக்கும், அதனால் 30,000 என்பது பேராசைக் கணக்கு இல்லை.

அப்புறம் பெட்ரோல். டெல்லியில் அப்போது லிட்டர் கிட்டத்தட்ட 97 ரூபாய். போக வர, சின்னச் சுற்றல்களோடு ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், மாதம் 26 நாள், 520 கிலோமீட்டர். நெரிசலில் அந்தப் பழைய கார் 13 கிலோமீட்டர் கொடுத்தால் 40 லிட்டர், 3,880 ரூபாய். ஸ்கூட்டர் 45 கொடுத்தால் பதினொன்றரை லிட்டர், 1,120 ரூபாய். இரண்டையும் கூட்டினால் காருக்கு மாதம் 7,350, ஸ்கூட்டருக்கு 2,010.

அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினோம். அவள் அப்போது இ-ரிக்‌ஷாவுக்கும் மெட்ரோவுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் ஒரு நாளைக்கு 120 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருந்தாள், மாதம் 3,120. ஒன்றும் வாங்காமல் இருப்பதைவிட ஸ்கூட்டர் மலிவு. கார் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வண்டி ஒப்பீட்டில் பலரும் இந்த மூன்றாவது வரியை எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி என் வேலையை வைத்து ஒன்று சொல்ல வேண்டும். புதிய இரு சக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து விதி. 75 முதல் 150 சிசி வரை அந்தத் தொகை அப்போது 3,851. விலையில் இது அடங்கிவிடும், ஆகவே ஆண்டுதோறும் மறக்கும் பயம் இல்லை. ஆனால் வண்டிக்கு ஆகும் சேதமும் திருட்டும் முதல் ஆண்டுக்கு மட்டும் எடுக்கும் வழக்கம் அதிகம். இரண்டாம் ஆண்டு அந்தப் பகுதி முடிந்திருப்பது தெரியாமல், வண்டி திருடு போன பிறகு எங்கள் அலுவலகத்தில் வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. பெரியவளின் போனில் அந்தத் தேதிக்கு நானே அலாரம் வைத்துக் கொடுத்தேன். பதின்மூன்று வயதுக் காருக்கு நேர் எதிர் நிலை. பலரும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுப்பார்கள், திருடு போனால் ஒரு ரூபாய் வராது.

கணக்கைப் பார்த்து அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, பணம் போகட்டும். ஆறு மணிப் பனியில என் பொண்ணு அந்த ரோட்டுல ஸ்கூட்டர்ல போகணுமா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நோட்டில் பதில் இல்லை. என்ன செய்தால் ஆபத்து குறையும் என்று மட்டும்தான் பார்க்க முடிந்தது. அவள் போகும் தேசிய நெடுஞ்சாலை 9இல் நடுவில் இருப்பது டெல்லி–மீரட் விரைவுச்சாலை. அதில் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, வெளிப்பக்கப் பாதையில்தான் போக வேண்டும். அவளுக்கு அது நல்லதுதான், லாரிகளும் வேகமாகப் போகும் கார்களும் பெரும்பாலும் நடுவில் போய்விடும். ஆனால் வெளிப்பக்கத்தில் பேருந்துகள் திடீரென்று நிற்கும், எதிர்த் திசையில் பைக் வரும். அதனால் முதல் இரண்டு மாதம் காலைப் பனி நாட்களில் மெட்ரோ, மற்ற நாட்களில் ஸ்கூட்டர் என்று முடிவு செய்தோம். பத்தடிக்கு முன்னால் இருக்கும் வண்டியின் சிவப்பு விளக்கு தெரியாவிட்டால் வண்டியை எடுக்கக் கூடாது என்று அவளே ஒரு விதி வைத்துக்கொண்டாள். எனக்கு அதுகூடப் போதாது, இருபதடி என்றேன். அவள் ஒப்புக்கொண்டாள்.

மிச்சமிருந்த 14,500 ரூபாயிலிருந்து முதலில் வாங்கியது தலைக்கவசம். முகம் முழுக்க மூடும் வகை, ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் ஒட்டியது. கடைக்காரர் கொடுத்த முதல் அளவு சௌகரியமாக இருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும், பட்டையைப் பூட்டிவிட்டு முன்னால் இழுத்தால் கவசத்தோடு சேர்ந்து முகத்தின் தோலும் நகர வேண்டும், கவசம் மட்டும் நகரக் கூடாது. டெல்லிக் குளிரில் ஐந்து நிமிடத்திலேயே விரல் மரத்துப்போகும், பிரேக் பிடிப்பு தளரும், அதனால் நல்ல கையுறையும் வாங்கினோம். ஸ்கூட்டரில் இடது பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருந்தது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு உட்பட்ட எல்லாப் புது வண்டியிலும் அது அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதைக் காலி இடத்தில் பழகிப் பார்க்காமல் சாலைக்கு வரக் கூடாது என்று காஜிப்பூர் பக்கம் ஒரு மைதானத்தில் இரண்டு ஞாயிறு ஓட்டினாள். அண்ணன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் ஜெயிக்கும் இடமும் உண்டு. அண்ணிக்கு முழங்கால் தேய்மானம், ஸ்கூட்டரின் பின்னால் ஏறி இறங்குவது அவருக்கு வலி. மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி போக வேண்டும். போக வர டாக்சிக்கு 700 ரூபாய் ஆகும் என்று வைத்தோம். அதை ஸ்கூட்டர் கணக்கில் சேர்த்தாலும் 2,710 தான் வந்தது. ஆனால் அண்ணிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போல ஏதாவது இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அப்போதும் இந்தக் காரை அல்ல, மீதி ஆண்டு அதிகம் உள்ள வேறு காரைத்தான் தேடச் சொல்லியிருப்பேன்.

"பதினேழு மாசம் ஓட்டிட்டு ஊருக்கு அனுப்பிடலாமே" என்று ஒரு யோசனையும் வந்தது. வழி இருக்கிறது. டெல்லிப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, வண்டியைத் தமிழ்நாட்டுக்கு லாரியில் ஏற்றி, அங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து, தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்து ஆண்டு வாங்கலாம். புதுப்பிக்கும் கட்டணமே 5,000. ஊரில் யாருக்கோ உதவும், செக்டார் 62 போக வேண்டிய இவளுக்கு உதவாது.

2023 அக்டோபர் கடைசி வாரத்தில் ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் ஃபேஸில் டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய அடுக்குமாடிகளில் கார் நிறுத்த இடம் பிடிப்பது தினமும் ஒரு சண்டை. ஸ்கூட்டர் மாடிப்படிக்கு அடியில் நின்றது. எலுமிச்சம்பழம் வைத்து, மயூர் விஹார் குருவாயூரப்பன் கோயில் வரை அண்ணியை ஆட்டோவில் ஏற்றி, பெரியவள் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனாள்.

நவம்பர் 2ஆம் தேதி மூன்றாம் படிக் கட்டுப்பாடு வந்தது. அது நீங்கியது நவம்பர் 28இல். டிசம்பர் 22இல் மறுபடி, ஜனவரி 14இல் இன்னொரு முறை. கார் வாங்கியிருந்தால் 62,000 கொடுத்த முதல் மாதமே முழுக்க வாசலில் நின்றிருக்கும். முதல் நாள் செய்தியைப் பார்த்துவிட்டு அண்ணன் எனக்குப் போன் செய்தார். காரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பிள்ளை முகமூடி போட்டுக்கொண்டு போகிறாளா என்று மட்டும் கேட்டார். அந்தக் காற்றில் ஸ்கூட்டரில் போவது உடம்புக்கு நல்லதில்லை என்பது உண்மை. என்-95 முகமூடி தலைக்கவசத்துக்குள் அடங்கும்படி மடித்துப் போடப் பழகினாள், மிக மோசமான நாட்களில் மெட்ரோவில் போனாள்.

இந்த விதிகள் பிறகு கொஞ்சம் அசைந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து உரிமையாளர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொன்னது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4க்கும் அதற்குப் பிந்திய வண்டிகளுக்கும் மட்டும்தான் என்று சுருக்கியது. நாங்கள் பார்த்த கார் அப்போதும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியேதான் நின்றிருக்கும். அதனால் இன்று டெல்லியில் பழைய கார் பார்ப்பவர்களுக்கும் நான் சொல்வது, விலையைக் கேட்பதற்கு முன் எண்ணைக் கேளுங்கள், எண்ணைப் போட்டதும் ஆண்டைவிட முதலில் தரத்தைப் பாருங்கள்.

பெரியவள் ஸ்கூட்டர் எடுத்த அடுத்த மாதமே தபால் நிலையத்தில் இன்னொரு கணக்கு தொடங்கிவிட்டாள். போக்குவரத்தில் மிச்சமாகும் பணத்தையும் சேர்த்து மாதம் 2,500. அம்மாவுக்காக ஒரு கார், 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவானது, பெட்ரோல், பிஎஸ்-6. நோட்டில் அந்தப் பக்கத்தின் மேலே இதை மட்டும் எழுதி வைத்திருக்கிறாள். விலைக்கு இன்னும் கோடு போட்ட இடம் காலியாக இருக்கிறது.